‘பார்த்து ஆவன செய்யவும்’ என்று முடியாத ரெபரல் கடிதம்

“58 வயது ஆண். நீரிழிவு, பிரஷர் உள்ளவர். கால் வீக்கம். கிரியேட்டினின் கூடியுள்ளது. தயவுசெய்து பார்த்து ஆவன செய்யவும்.”

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைகளிலிருந்து நகரத்து நிபுணர் கிளினிக்குக்குப் போகும் கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைக் கையில் வைத்திருக்கும் நிபுணருக்கு ஒன்றும் தெரியாது. கிரியேட்டினின் எவ்வளவு, போன வருடம் எவ்வளவு இருந்தது, என்னென்ன குளிசை போகிறது, அனுப்பியவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று எதுவுமே இல்லை. நோயாளி மண்டூரில் விடியப் புறப்பட்டு, குருமண்வெளித் துறையில் பாதைப் படகில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து வந்திருப்பார். அவருக்குக் கிடைக்கும் சில நிமிடமும் “என்ன குளிசை குடிக்கிறீங்க?” என்ற கேள்வியிலேயே போய்விடும். பிறகு இரத்தப் பரிசோதனைக்கு ஒரு துண்டு, ஸ்கேனுக்கு ஒரு துண்டு, அடுத்த மாதம் வரச் சொல்லி ஒரு திகதி. முதற்பயணம் வீண்.

இதற்கு நேர் எதிரான கடிதமும் உண்டு. நோயாளி சொன்னதைச் சொன்ன ஒழுங்கிலேயே இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். அதை யாரும் படித்து முடிப்பதில்லை. ஏ4 தாளின் ஒரு பக்கம், அதுவும் முழுதாக நிரம்பாமல் இருந்தால் போதும். கிளினிக்கில் ஒரு கடிதத்தின் முதல் வரியும் கடைசி வரியும்தான் நிச்சயமாகப் படிக்கப்படும். அதனால் அனுப்பும் காரணம் முதல் வரியில் வரவேண்டும், கேள்வி கடைசியில் வரவேண்டும். வரலாறும் மருந்தும் நடுவில், தேடினால் உடனே அகப்படும் இடத்தில் இருக்கவேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்து அடிமுதல் எழுதிப் பார்க்கலாம். இது ஒரு தனி மனிதருடைய கதை அல்ல, இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பக் காணும் விஷயங்களைச் சேர்த்து அமைத்தது. வேளாண்மை செய்யும் 58 வயதுக்காரர் மகளுடன் 2025 பெப்ரவரி 24ஆம் திகதி ஓபிடிக்கு வருகிறார். அவர் சொல்வது இது:

“டொக்டர், கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. மாரி வேளாண்மை விதைச்ச நேரம் தொடங்கினது. டவுனுக்க ஒரு டொக்டரிட்டக் காட்டினோம், சலம் போறதுக்கு ஒரு குளிசை தந்தார். கொஞ்சம் வத்தினது, பிறகும் வீங்குது. முழங்கால் நோவு வேற. வெட்டு நேரம் சும்மா இருக்கேலுமா? கடையில ஒரு குளிசை வாங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போறது. இப்ப ஒரே களைப்பு. மகள்தான் ரத்தம் குத்திப் பார்ப்பமெண்டு கூட்டிக்கொண்டு போனவ. அதில கிட்னி பழுதெண்டு சொல்றாங்க.”

நல்ல கதை. தேவையான தகவலில் முக்கால்வாசி இதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அவருக்கு முக்கியமானது கால் வீக்கம், அதனால் கதை அங்கே தொடங்குகிறது. கடிதத்துக்கு முக்கியமானது வேறு. அதைக் கண்டுபிடிக்க மூன்று வேலை செய்யவேண்டும்: பழைய அளவுகளைத் தேடி வரிசைப்படுத்துவது, மருந்துப் பையைக் கொட்டிப் பார்ப்பது, அனுப்புவதற்கு முன் இங்கேயே செய்யக்கூடியதைச் செய்து முடிப்பது.

முதலில் அளவுகள். மகள் மூன்று பரிசோதனைத் துண்டு வைத்திருக்கிறார். 2023 செப்டெம்பரில் தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்தது 1.1. 2024 டிசம்பரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் 124. இப்போது 168. “ஒன்றிலிருந்து நூற்றி அறுபத்தெட்டுக்குப் போயிட்டு” என்று குடும்பம் பதறுகிறது. முதலாவது அளவு டெசிலீட்டருக்கு மில்லிகிராம், மற்ற இரண்டும் லீட்டருக்கு மைக்ரோமோல். மில்லிகிராம் கணக்கை 88.4ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் வரும். ஆகவே 1.1 என்பது 97. உண்மையான ஓட்டம் 97, 124, 168. அலகு எழுதாத கிரியேட்டினின் எண் கடிதத்தில் இருப்பதை விட இல்லாமலிருப்பதே மேல் என்று சொல்லலாம், அவ்வளவு குழப்பம் தரும். எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி, திகதியோடு, பழையதிலிருந்து புதியதாக எழுதுங்கள்.

இந்த மூன்று எண்ணும் வெறும் “கிரியேட்டினின் கூட” என்பதைவிட எவ்வளவோ சொல்கின்றன. வயதையும் பாலையும் சேர்த்து சிறுநீரக வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டால் 2023இல் 79, 2024 டிசம்பரில் 58, இப்போது 40. ஒன்றரை வருடத்தில் ஏறக்குறையப் பாதி போயிருக்கிறது, அந்த இழப்பில் கிட்டத்தட்டப் பாதி கடைசிச் சில மாதத்தில். நாட்பட்டு மெல்ல இறங்கிய சிறுநீரகமா, அண்மையில் ஏதோ இடித்துத் தள்ளியதா என்று நிபுணர் முதலில் கேட்கும் கேள்விக்கு இது பாதி விடை. ஒரு எச்சரிக்கை: நாளுக்கு நாள் கிரியேட்டினின் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த வேகக் கணக்கை நம்பக்கூடாது, அது நிலையாக நிற்கும் அளவுக்குத்தான் பொருந்தும். அதனால் கணக்கிட்ட எண்ணோடு கிரியேட்டினினையும் எப்போதும் எழுதவேண்டும்.

அடுத்தது மருந்துப் பை. கதையிலிருந்து கடிதம் உண்மையில் பிறக்கும் இடம் இதுதான், இங்கே கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

கிளினிக் கொப்பியில் உள்ளதைப் பார்த்து மருந்துப் பட்டியலைப் பிரதி பண்ணுவது வழக்கமான தவறு. கொப்பியில் இருப்பது எழுதிக் கொடுத்த மருந்து. கடிதத்துக்கு வேண்டியது உண்மையில் வயிற்றுக்குள் போகும் மருந்து. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். “வீட்டில இருக்கிற எல்லாக் குளிசையையும், மருந்தெண்ணெய், கசாயம் உட்பட, அப்படியே பையோட கொண்டு வாங்க” என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள். மேசையில் கொட்டினால் சின்னக் காகித உறைகள் வரும். உறையில் பெரும்பாலும் “காலை 1, இரவு 1” என்று மட்டுமே இருக்கும். உள்ளே சின்ன வெள்ளை வட்டக் குளிசைகள். அம்லோடிப்பினும் ப்ரூசிமைட்டும் அருகருகே வைத்தால் நோயாளிக்கு மட்டுமல்ல, நமக்கும் பிரித்தறிவது கஷ்டம். பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதவேண்டாம். “பெயர் தெரியாத வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று, ஜனவரி முதல்” என்று எழுதுவது நேர்மையானது, பயனுள்ளதும்கூட.

இந்த மனிதரின் பையில் லோசாட்டன் 50 மில்லிகிராம் இருக்கிறது. கொப்பியில் டிசம்பரிலிருந்து காலையும் இரவும் ஒவ்வொன்று என்று கூட்டி எழுதப்பட்டுள்ளது. பெப்ரவரி 4ஆம் திகதி 60 குளிசை கொடுத்ததாகவும் கொப்பி சொல்கிறது. இன்று 24ஆம் திகதி. 20 நாளில் 40 குளிசை போயிருக்க வேண்டும், 20 மிஞ்சியிருக்க வேண்டும். எண்ணினால் 38 இருக்கிறது. அதாவது 22தான் போயிருக்கிறது, ஏறக்குறைய நாளுக்கு ஒன்று. கேட்டால் “காலையில போட்டா வயலில தலை சுத்துது டொக்டர், அதால ராவைக்கு மட்டும்” என்கிறார்.

இந்த எண்ணிக்கை கடிதத்தையே மாற்றிவிடுகிறது. லோசாட்டன் போன்ற மருந்தைத் தொடங்கிய பின்போ கூட்டிய பின்போ கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான். நான்கு வாரத்துக்குள் 30 வீதத்துக்குள் நின்றால் மருந்தை நிறுத்துவதில்லை, அதைத் தாண்டினால் வேறு காரணம் தேடவேண்டும். இங்கே 124இலிருந்து 168 என்பது 35 வீத ஏற்றம். கொப்பியை மட்டும் பார்த்து எழுதினால் “லோசாட்டனை இரட்டிப்பாக்கியதால் ஏறியது” என்று கடிதம் சொல்லியிருக்கும், நிபுணரும் அதையே நம்பி மருந்தைக் குறைத்திருப்பார். உண்மையில் அந்தக் கூட்டல் நடக்கவே இல்லை.

பிறகு ஏன் ஏறியது? பையில் இன்னும் இரண்டு இருக்கிறது. ஒன்று கடையில் வாங்கிய டைக்லோபெனாக் 50. விதைப்புக் காலத்தில், அதாவது ஒக்டோபரில், இடையிடையே தொடங்கி, வெட்டுத் தொடங்கிய ஜனவரியிலிருந்து தினமும் இரண்டு. மற்றது நகரத்து டொக்டர் ஜனவரியில் கொடுத்த ப்ரூசிமைட் 40. வலிக் குளிசை, சலம் போகும் குளிசை, லோசாட்டன் வகை ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த அழுத்தம் விழுந்து கிரியேட்டினின் ஏறும். வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்பவருக்கு இன்னும் மோசம். “வேற மருந்து ஏதாவது?” என்று கேட்டால் இவர் “இல்லை” என்றுதான் சொல்லியிருப்பார், ஏனென்றால் கடையில் வாங்கும் வலிக் குளிசையை யாரும் மருந்தாகக் கணக்கெடுப்பதில்லை. “நோவுக்கு என்ன போடுறீங்க?” என்று கேட்கவேண்டும். அதேபோல “முழங்காலுக்கு யாரிட்டயும் கசாயம் குடிச்சீங்களா?” என்று தனியாகக் கேட்கவேண்டும். இரண்டு வாரம் குடித்திருக்கிறார், என்ன சேர்ந்தது என்று தெரியாது. அதுவும் அப்படியே கடிதத்தில் போகவேண்டும்.

ப்ரூசிமைட் ஏன் தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால் இன்னொரு சங்கிலி தெரிகிறது. 2024 செப்டெம்பரில் அம்லோடிப்பின் 5இலிருந்து 10ஆகக் கூட்டப்பட்டது. கால் வீக்கம் அடுத்த மாதம் தொடங்கியது. அம்லோடிப்பின் 10 மில்லிகிராமில் கணுக்கால் வீங்குவது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு, சலக் குளிசைக்கு அது சரியாகப் பணியாது. ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து, அதனால் மூன்றாவது பிரச்சினை. ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் தொடங்கிய மாதத்தை எழுதியதால்தான் இது கண்ணில் படுகிறது. பட்டியலில் பெயரும் அளவும் மட்டும் இருந்தால் படவே படாது. மருந்தை எழுதும்போது வணிகப் பெயர் வேண்டாம், மூலப் பெயர், மில்லிகிராம், வேளை, தொடங்கிய அல்லது மாற்றிய மாதம் ஆகிய நான்கும் போதும்.

இனி மூன்றாவது வேலை. இவ்வளவும் தெரிந்த பிறகு அன்றே கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது சரியல்ல. டைக்லோபெனாக்கையும் ப்ரூசிமைட்டையும் நிறுத்துவதற்கு நிபுணர் தேவையில்லை. வலிக்கு பரசிட்டமோல் கொடுக்கலாம். அம்லோடிப்பினை 5ஆகக் குறைக்கலாம். மெட்போமின் 1 கிராம் இருவேளை போகிறது. வடிகட்டும் வேகம் 45க்குக் கீழே போனால் நாளுக்கு மொத்தம் 1 கிராமுக்கு மேல் கூடாது, 30க்குக் கீழே போனால் நிறுத்தவேண்டும். இவருக்கு 40, ஆகவே 500 மில்லிகிராம் இருவேளையாகக் குறைக்கவேண்டும். இதைச் செய்துவிட்டு பத்து நாளில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் திரும்பப் பார்த்தால், அந்த ஒரு எண் கடிதத்தின் பெறுமதியை இரட்டிப்பாக்கும். லோசாட்டனை மட்டும் இப்போதைக்கு அப்படியே விட்டோம், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

ஆனால் இந்தப் பத்து நாள் பொறுமை எல்லோருக்கும் அல்ல. சலம் மிகக் குறைந்துபோனவர், மூச்சு வாங்குபவர், சத்தியும் மயக்கக் களையும் உள்ளவர், பொட்டாசியம் 6ஐத் தாண்டியவர் ஆகியோருக்குக் கடிதம் எழுதி கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக்கூடாது. ஈசிஜி எடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசி, அம்புலன்சில் அன்றே அனுப்பவேண்டும்.

இவருக்கு மார்ச் 6ஆம் திகதி கிரியேட்டினின் 159, பொட்டாசியம் 5.1. வீக்கம் நன்றாக வற்றிவிட்டது, பிரஷர் 142/86. கிரியேட்டினின் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் 124க்குக்கூடத் திரும்பவில்லை. இப்போதுதான் நிபுணரிடம் கேட்பதற்கு உண்மையான கேள்வி ஒன்று பிறந்திருக்கிறது: குற்றவாளி என்று நினைத்ததை அகற்றியும் சிறுநீரகம் திரும்பவில்லை, அப்படியானால் அடியில் என்ன இருக்கிறது?

வரலாற்றில் எதை வைப்பது, எதை விடுவது என்பதையும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கும். நீரிழிவு என்றால் எத்தனை வருடம், கண்ணின் பின்திரையில் மாற்றம் உண்டா, சலத்தில் அல்புமின் போகிறதா என்பவை வேண்டும். இவருக்கு ஏழு வருட நீரிழிவு, நவம்பரில் கண் கிளினிக்கில் பார்த்தபோது பின்திரை சரியாக இருந்தது, சலத்தில் அல்புமின் வெறும் ‘ட்ரேஸ்’. இவை நீரிழிவால் வந்த சிறுநீரக நோயோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை, அதனால் கட்டாயம் எழுதவேண்டும். வேளாண்மைத் தொழிலும் கிணற்றுத் தண்ணீரும் வேண்டும். விவசாயிகளிடம் காணப்படும், காரணம் புலப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியப் பக்கம் வரை தெரிந்த விஷயம், அதில் அல்புமின் குறைவாகவே போகும் என்பதால் நிபுணர் கட்டாயம் யோசிப்பார். சலத்தில் இரத்தம் இல்லை, கல் வருத்தம் இருந்ததில்லை, குடும்பத்தில் சிறுநீரக நோய் இல்லை. இந்த மூன்று ‘இல்லை’யும் எழுதவேண்டியவை. இல்லை என்பதை எழுதாவிட்டால் கேட்கவில்லை என்றுதான் பொருள்படும்.

விடவேண்டியது: வீக்கம் எந்தக் காலில் முதலில் வந்தது, மகள் எந்த ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போனார், நகரத்து டொக்டர் என்ன சொன்னார், இருபது வருடத்துக்கு முந்திய ஹேர்ணியா சத்திரசிகிச்சை. “சில நாளாக”, “கொஞ்சக் காலமாக” போன்ற சொற்களும் வேண்டாம். நோயாளி மாதம் சொல்லமாட்டார், விதைப்பு, வெட்டு, தீர்த்தம், பெருநாள் என்றுதான் சொல்வார். அதைக் கலண்டருக்கு மாற்றி எழுதுவது கடிதம் எழுதுபவரின் வேலை. நிபுணருக்கு இந்தப் பக்கத்து விதைப்புக் காலம் தெரிந்திருக்கவேண்டும் என்றில்லை.

கடைசியாகக் கேள்வி. “உங்கள் மேலான அபிப்பிராயத்துக்காக” என்பது கேள்வி அல்ல. ஆம், இல்லை, அல்லது ஓர் எண் என்று பதில் சொல்லக்கூடியதாகக் கேட்டால்தான் பதில் வரும். இரண்டு கேள்வி போதும், ஐந்து கேட்டால் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. ஒரு கேள்வி நோயைப் பற்றியதாக இருக்கட்டும். மற்றது நாளை முதல் நீங்கள் என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றியதாக இருக்கட்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நோயாளி திரும்பி வருவது உங்களிடம்தான், அடுத்த மாதத்துக் குளிசையை எழுதப்போவதும் நீங்கள்தான்.

கடிதம் வழக்கப்படி ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கும்:

திகதி: 2025 மார்ச் 10
பெறுநர்: சிறுநீரக வைத்திய நிபுணர்
நோயாளி: ஆண், 58 வயது, வேளாண்மை, நிறை 61 கிலோ. பெயரும் கிளினிக் இலக்கமும் மேலே.

காரணம்: ஒன்றரை வருடத்தில் கிரியேட்டினின் 97இலிருந்து 168 வரை ஏறியது. டைக்லோபெனாக், ப்ரூசிமைட் நிறுத்தி 10 நாளின் பின்னும் 159. நான்கு வாரத்துக்குள் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கிரியேட்டினின், லீட்டருக்கு மைக்ரோமோல் (அடைப்புக்குள் வடிகட்டும் வேகம்): 2023 செப்டெம்பர் 97 (79). 2024 டிசம்பர் 124 (58). 2025 பெப்ரவரி 24 அன்று 168 (40). மார்ச் 6 அன்று 159 (43). பொட்டாசியம் 5.1.

வரலாறு: நீரிழிவு 7 வருடம், பிரஷர் 6 வருடம். 2024 நவம்பரில் கண் பின்திரை சரி. சலத்தில் அல்புமின் ட்ரேஸ், சிவப்பணு இல்லை. ஸ்கேனில் வலது 9.1, இடது 9.3 சென்ரிமீற்றர், அடைப்பு இல்லை. கல் வருத்தம், குடும்பத்தில் சிறுநீரக நோய் இல்லை. கிணற்றுத் தண்ணீர். அம்லோடிப்பின் 10ஆகக் கூட்டிய அடுத்த மாதம் (2024 ஒக்டோபர்) கால் வீக்கம் தொடங்கியது, குறைத்தபின் வற்றியது. மார்ச் 6 அன்று பிரஷர் 142/86.

இப்போது எடுப்பவை: லோசாட்டன் 50 இரவு (இருவேளை எழுதப்பட்டது, தலைச்சுற்றால் ஒருவேளையே எடுக்கிறார்). அம்லோடிப்பின் 5 காலை (பெப்ரவரி 24 வரை 10). மெட்போமின் 500 இருவேளை (பெப்ரவரி 24 வரை 1 கிராம் இருவேளை). அட்டோவஸ்டற்றின் 20 இரவு. பரசிட்டமோல் நோவுக்கு மட்டும்.

நிறுத்தியவை: டைக்லோபெனாக் 50, 2024 ஒக்டோபர் முதல் இடையிடையே, ஜனவரி முதல் தினம் இருவேளை. ப்ரூசிமைட் 40 காலை, ஜனவரி முதல். இரண்டும் பெப்ரவரி 24 அன்று நிறுத்தப்பட்டன. சேர்க்கை தெரியாத கசாயம், ஜனவரியில் இரண்டு வாரம். மருந்து ஒவ்வாமை இல்லை.

கேள்வி: 1. பின்திரை சரியாகவும் அல்புமின் குறைவாகவும் இருக்க, இதற்கு நீரிழிவு அல்லாத காரணம் தேடவேண்டுமா, பயொப்சி தேவையா? 2. லோசாட்டனை இருவேளையாகக் கூட்டலாமா? கூட்டினால் எந்தக் கிரியேட்டினின், பொட்டாசிய அளவில் நாங்கள் நிறுத்தவேண்டும்?

அவ்வளவுதான். கீழே பெயர், பதவி, வார்ட்டின் தொலைபேசி இலக்கம். கையொப்பம் மட்டும் கிறுக்கிவிட்டு விட்டால், நிபுணர் பேச நினைத்தாலும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது.

இந்தக் கடிதத்தில் குறையக்கூடியது எது என்று தேடிப் பார்த்தால், “நிறுத்தியவை” என்ற பகுதியைத்தான் இடமில்லை என்று பலர் வெட்டுவார்கள். அதை வெட்டக்கூடாது. அது இல்லாவிட்டால் 168 எப்படி வந்தது என்பதற்கு விளக்கமே இல்லை, ஏற்கெனவே நிறுத்திய ப்ரூசிமைட்டை வீக்கத்துக்கு என்று திரும்பவும் எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. இடம் போதாவிட்டால் வரலாற்றில் ஒரு வரியைக் குறையுங்கள். எழுதி முடித்தபின் சோதிக்க ஒரு வழி: காரணத்தையும் கேள்வியையும் மட்டும் பக்கத்து வார்ட் டொக்டரிடம் வாசித்துக் காட்டுங்கள். “கிரியேட்டினின் முந்தி எவ்வளவு?” என்றோ “என்ன மருந்து போகுது?” என்றோ அவர் கேட்டால், விடை நடுப்பகுதியில் ஒரே பார்வையில் அகப்பட வேண்டும். “ஏன் அனுப்புறீங்க?” என்று கேட்டால் கடிதத்தைத் திரும்ப எழுதவேண்டும்.

கடிதத்தோடு போகவேண்டியதும் கொஞ்சம் உண்டு. பரிசோதனைத் துண்டுகளின் பிரதிகள், திகதி ஒழுங்கில், ஒரே ஸ்டேப்பிளில். மூலத்தை வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், பஸ்ஸில் தொலைந்தால் 2023இன் 1.1 திரும்பக் கிடைக்காது. மகளின் தொலைபேசியில் கடிதத்தின் படம் ஒன்று இருக்கட்டும். மருந்துப் பையும் கிளினிக்குக்குப் போகவேண்டும். நிறுத்திய டைக்லோபெனாக் மட்டும் பையில் இருக்கக்கூடாது, இருந்தால் நோவு கூடிய ஒரு நாள் அது திரும்பவும் வாய்க்குள் போகும். கடைக்காரரிடம் “இவருக்கு டைக்லோபெனாக், இபுபுரூபன் கொடுக்கவேண்டாம்” என்று காட்டுவதற்கு கொப்பியின் முன்னட்டையில் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள்.

கிளினிக் திகதி வருவதற்குள் இன்னொரு இரத்தப் பரிசோதனை வந்தால் புதுக் கடிதம் எழுதவேண்டாம். கிரியேட்டினின் வரியின் கீழே திகதியோடு புதிய எண்ணைச் சேர்த்து ஒப்பமிடுங்கள். பதில் தனிக் கடிதமாக வருவது குறைவு, பெரும்பாலும் கிளினிக் கொப்பியில் இரண்டு வரிதான் இருக்கும். அதனால் திரும்பி வரும் நாளில் அந்தப் பக்கத்தை முதலில் பார்த்து, இரண்டு கேள்விக்கும் பதில் உண்டா என்று பாருங்கள். இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் அன்றே தொலைபேசியில் கேட்டு, கிடைத்த எண்ணை கொப்பியில் லோசாட்டன் வரிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.